பத்து மணி ஊசி

தீக்காய வார்டில் அந்தம்மாவுக்குப் பட்டப்பெயர் 'பத்து மணி சிஸ்டர்'. வைத்தது யார் என்று கேட்டால் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். காலைப் பத்து மணி ஊசி என்றால் பத்து மணி. பெரிய டாக்டர் கூடத் தன் கைக்கடிகாரத்தைச் சந்தேகப்படுவாரே தவிர சிஸ்டரின் சார்ட்டைச் சந்தேகப்பட மாட்டார். இருபத்து நான்கு வருஷச் சார்ட்டை எடுத்துப் புரட்டிப் பாருங்கள்: ஆறு, பத்து, இரண்டு, ஆறு. ஒரு நிமிஷம் முன்னே பின்னே கிடையாது.

அடப்பாவமே, அது எப்படி முடியும் என்று யாராவது யோசித்தார்களா? இருபத்திரண்டு கட்டில், இரண்டு சிஸ்டர். இருபத்திரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஊசி போட ஆளுக்குப் பதினோரு கை வேண்டும். விஷயம் இதுதான்: மருந்தை மேஜையில் வைத்து ஊசியில் ஏற்றும்போதே சார்ட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். போடவேண்டிய நேரத்தைத்தான் எழுதுவார்கள், போட்ட நேரத்தை அல்ல. கட்டிலுக்குப் போய்ப் போட்டு, திரும்பி வந்து, கடிகாரத்தைப் பார்த்து எழுதுவதற்குள் அடுத்த கட்டிலில் ஒருவர் கத்துவார். யாரும் பொய் எழுதுகிறோம் என்று நினைத்து எழுதியதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பெரியவர்கள் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. அந்தப் பழக்கம் ஒருநாள் கோர்ட்டில் வந்து நிற்கும் என்று யார் கண்டது?

அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் பாய்லர் பார்த்தவர் ஒருவர், நாற்பது வயது, கொதிநீராவி அடித்து உடம்பில் பாதிக்கு மேல் வெந்துபோய் வார்டுக்கு வந்தார். இரண்டு கையிலும் கட்டு. முகத்தில் கண்ணும் வாயும்தான் மிச்சம். ஆனால் அந்த வாய் சும்மா இருக்கவில்லை. "சிஸ்டர், இந்த வார்டு ஃபேன் நம்ம பாய்லரைவிடச் சத்தம் போடுது" என்பார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே சொல்வார். சிரிப்பதா அழுவதா என்று சிஸ்டருக்குத் தெரியாது.

தொழிற்சாலை முதலாளி, போலீசிடம் ஒரே போடாகப் போட்டிருந்தார்: ஆள் தூங்கிவிட்டான், அழுத்தத்தைக் கவனிக்கவில்லை, அவன் கவனக்குறைவால் வந்த வினை. பாய்லர்காரர் சொன்னதோ வேறு. இரண்டாம் நாள் காலை, ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் அனுப்ப, போலீஸ் கேட்டுக்கொண்டபடி மாஜிஸ்திரேட் வாக்குமூலம் எழுத வந்தார்.

அன்றைக்கு நடந்ததைச் சிஸ்டர் சாகும்வரை மறக்கமாட்டார். பத்து மணிக்கு வழக்கம்போல மேஜையில் மருந்தை ஏற்றினார், வழக்கம்போல '10.00, கொடுக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், தட்டை எடுத்துக்கொண்டு கடைசி அறைக்கு நடந்தார். பாய்லர்காரரைத் தொற்று வராமல் இருக்கத் தனி அறையில் வைத்திருந்தார்கள். கதவருகே டியூட்டி டாக்டர் கையை நீட்டித் தடுத்தார். மாஜிஸ்திரேட் படி ஏறி வந்துகொண்டிருக்கிறார், இந்த வலி ஊசியைப் போட்டால் ஆள் மயங்கிக் கிடப்பார், அவர் எழுதி முடிக்கட்டும், பிறகு போடலாம் என்றார். உள்ளே இருந்து பாய்லர்காரரும் சொன்னார்.

"போட்டா தூங்கிடுவேன் சிஸ்டர். தூங்கினேன்னுதானே முதலாளியே சொல்றான். முழிச்சுக்கிட்டே பேசிடறேன்."

சிஸ்டர் தட்டோடு வெளியே வந்து, தண்ணீர்க் குழாய்ப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றார். மாஜிஸ்திரேட் வந்தார். டாக்டரைத் தவிர எல்லோரையும் அறையை விட்டு அனுப்பினார். பாய்லர்காரரின் மனைவி அப்போது கீழே மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தார். ஆள் நினைவோடு இருக்கிறார், பேசும் நிலையில் இருக்கிறார் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த பிறகுதான் மாஜிஸ்திரேட் பேனாவைத் திறந்தார். கதவு சாத்தப்பட்டது. ஆறு மணி ஊசியின் வேகம் ஒன்பதுக்கே குறைந்திருக்கும், உள்ளே அந்த மனுஷன் எப்படித் துடித்துக்கொண்டிருப்பான் என்று சிஸ்டருக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது. கதவு திறந்து மாஜிஸ்திரேட் வெளியே வந்ததும் ஓட்டமாக உள்ளே போய் ஊசியைப் போட்டார்.

சாயங்காலம் முதலாளியின் தம்பி நாலைந்து பேரோடு வந்து வராந்தாவில் சத்தம் போட்டான். காவலாளிகள் பிடித்து வெளியே தள்ளினார்கள். அந்தத் தகராறு பிரச்சினையாகலாம் என்று, வராந்தா கேமராவில் பதிவான அன்றைய நாள் முழுவதையும் ஒரு பென்டிரைவில் எடுத்து வைக்கச் சொன்னார் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர். எடுத்து வைத்தவர் கேமராக்களைப் பார்த்துக்கொள்ளும் வயர்மேன். அதோடு அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். நான்காம் நாள் பாய்லர்காரர் இறந்துபோனார்.

இது நடந்து இரண்டு வருஷம் கழித்து ஒரு மதியம், அரசு வக்கீல் சிஸ்டரைக் கூப்பிட்டனுப்பினார். அரசு வக்கீல் ஒரு பெண்மணி. மூக்குக்கண்ணாடியைத் தலையில் தள்ளிவிட்டு அதையே மேஜையில் தேடுகிற ரகம். முதலாளி மேல் போட்ட வழக்கின் கட்டிலிருந்து பழைய சார்ட்டின் நகலை எடுத்துச் சிஸ்டர் முன்னால் வைத்தார். முதல் நாள் விசாரணையில் எதிர்க்கட்சி வக்கீல் டியூட்டி டாக்டரை இதைக் காட்டித்தான் மடக்கினாராம். பத்து மணிக்கு ஊசி. மாஜிஸ்திரேட் எழுத ஆரம்பித்தது பத்து பன்னிரண்டு, முடித்தது பத்து முப்பத்தொன்று. இந்த ஊசி போட்டால் பத்து நிமிஷத்தில் மயக்கம் வருமா வராதா? வரும் என்றார் டாக்டர். ஊசியை நிறுத்தி வைக்கச் சொன்னேன் என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். கேஸ் ஷீட்டில் அதை எழுதவில்லை. இரண்டு வருஷத்து ஞாபகமா, சிஸ்டர் கையெழுத்துப் போட்ட சார்ட்டா, எது பெரிது என்று அந்த வக்கீல் இனிக்க இனிக்கக் கேட்டாராம்.

சிஸ்டர் நகலைக் குனிந்து பார்த்தார். தன் கையெழுத்து. அழகான, சாயாத, உருண்டை உருண்டையான கையெழுத்து.

அரசு வக்கீல் நிதானமாக விளக்கினார். கோர்ட்டில் யார் சாட்சி சொன்னாலும் சத்தியம் செய்யவேண்டும், குறுக்குக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். செத்துப்போனவரைக் கூண்டில் ஏற்ற முடியாது. இருந்தாலும் தன் சாவு எப்படி வந்தது, எந்தச் சூழ்நிலையில் வந்தது என்று அவர் சொல்லிவிட்டுப் போனதைச் சட்டம் ஏற்றுக்கொள்ளும். அவர் பிழைத்திருந்தால் அது மரண வாக்குமூலமே இல்லை, அவரே வந்துதான் சொல்லவேண்டும். ஆளைக் கேள்வி கேட்க வழி இல்லாததாலேயே நீதிபதி வேறு விதத்தில் சல்லடை போட்டுச் சலிப்பார்: சொன்னபோது புத்தி தெளிவாக இருந்ததா, யாரும் சொல்லிக்கொடுக்காமல், மிரட்டாமல் தானாகச் சொன்னாரா, சொன்னது நம்பும்படி இருக்கிறதா. இதெல்லாம் சரியாக இருந்தால் அந்த வாக்குமூலம் ஒன்றை வைத்தே தீர்ப்புச் சொல்லலாம், வேறு சாட்சி வேண்டாம்.

"இங்க வேற சாட்சியே கிடையாது சிஸ்டர். பாய்லர் ரூம்ல அவர் மட்டும்தான். இது போச்சுன்னா கேஸ் போச்சு. தூங்கிட்டு செத்தான்னு பேரோட முடிஞ்சிடும்" என்றார் அரசு வக்கீல்.

சிஸ்டர் வார்டுக்கு வந்து வாயைத் திறந்ததுதான் தாமதம், கூட வேலை பார்க்கும் சின்ன சிஸ்டர் பதறிவிட்டாள். கோர்ட்டில் போய் இந்தப் பழக்கத்தை ஒப்புக்கொண்டால் எல்லார் தலையும் உருளும், எனக்கு ஞாபகமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள் அக்கா, யார் கேட்கப்போகிறார்கள் என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பயம் என்றால் நியாயமான பயம்.

வீட்டில் கணவரோ விழுந்து விழுந்து சிரித்தார். அவர் பஸ் டிரைவர். "என் டிரிப் ஷீட்டைப் பாரு. இருபது வருஷமா என் பஸ் ஒரு நிமிஷம் கூட லேட்டா வந்ததில்ல! இந்த ஊர் டிராஃபிக்ல!" சிரித்து முடித்துவிட்டு, சிஸ்டரின் முகத்தைப் பார்த்து அடங்கிப்போனார். சாப்பிட்ட தட்டை அவரே எடுத்துக் கழுவி வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார், பஸ் லேட்டானால் யாரும் சாவதில்லை, நீ போய்ச் சொல்லிவிடு.

சிஸ்டர் கூண்டில் ஏறிக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். எதிர்க்கட்சி வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. இது உங்கள் கையெழுத்தா? ஆமாம். பத்து மணிக்கு ஊசி கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்களா? ஆமாம். கொடுத்தீர்களா? இல்லை.

கோர்ட்டில் ஒரு சலசலப்பு. சிஸ்டர் எல்லாவற்றையும் சொன்னார். ஏற்றும்போதே எழுதுகிற பழக்கத்தைச் சொன்னார், டாக்டர் தடுத்ததைச் சொன்னார், மாஜிஸ்திரேட் போன பிறகே போட்டதைச் சொன்னார். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சிஸ்டருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருபத்து நான்கு வருஷம் தலை நிமிர்ந்து நடந்தவர் அந்தக் கட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்.

அப்படியானால் உங்கள் சார்ட்டில் உள்ள எந்த நேரத்தையும் நம்பக்கூடாது, அப்படித்தானே என்றார் வக்கீல். அப்படித்தான். அப்படி எழுதுகிற உங்களை மட்டும் நாங்கள் நம்பவேண்டுமா?

வக்கீல் அத்தோடு விடவில்லை. வாக்குமூலத்தைக் கையில் எடுத்தார். கையில் கட்டு இருந்ததால் அடியில் கால் பெருவிரல் ரேகை வைத்திருந்த தாள் அது. மாஜிஸ்திரேட் கேள்வியும் பதிலுமாக, ஆள் சொன்ன வார்த்தையிலேயே எழுதியிருந்தார். வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்பது கடைசிக் கேள்வி. அதற்கு அவர் சொன்ன பதிலை வக்கீல் நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"'சீக்கிரம் முடிங்க ஐயா. பாவம், வெளியில நிக்கிறாங்க.' யாரும்மா வெளியில நின்னது? மனைவிதானே? இன்னது சொல்லுன்னு சொல்லிக்கொடுத்துட்டு, சொல்றானான்னு பார்க்க கதவுக்கு வெளியில நின்னாங்க. அவங்களுக்குப் பயந்துதானே அவர் அவசரப்பட்டார்?"

பார்வையாளர் பெஞ்சில் இருந்த மனைவி இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

சிஸ்டருக்குக் காதில் விழுந்தது உள்ளே போய்ச் சேர ஒரு நிமிஷம் ஆனது. அந்தப் பதிலை அவர் இதுவரை கேட்டதே இல்லை. கதவு சாத்தியிருந்ததே. வெந்த உடம்போடு, ஊசி இல்லாமல், ஒருத்தன் தன் சாவைப் பற்றிச் சொல்லி முடித்த கையோடு யாரைப் பாவம் என்று சொல்லியிருக்கிறான்? சிஸ்டரின் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அதைத் துடைக்கக் கூட அவருக்குத் தோன்றவில்லை.

"நான்தான் ஐயா நின்னேன். ஊசியோட நின்னேன்" என்றார்.

அதற்கு என்ன ஆதாரம் என்றார் வக்கீல். அப்போதுதான் தண்ணீர்க் குழாய்க்கு மேலே சுவரில் இருந்த அந்தக் கறுப்பு உருண்டை சிஸ்டருக்கு ஞாபகம் வந்தது. அதற்கு நேர் கீழேதானே சாய்ந்து நின்றார்! அவர் நீதிபதி பக்கம் திரும்பினார்.

"என்னை நம்ப வேணாம் ஐயா. என் எழுத்தையும் நம்ப வேணாம். வராந்தாவுல கேமரா இருந்தது. அதைப் பாருங்க."

அடுத்த வாய்தாவுக்கு அரசு வக்கீல் பென்டிரைவோடு வந்தார். கூடவே ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் கொடுத்த கடிதம், ஒரே வரி: இது உண்மை நகல். இனிக்க இனிக்கப் பேசும் வக்கீல் எழுந்து, கண்காணிப்பாளர் அந்தக் கேமரா எந்திரத்தை ஒருநாளாவது தொட்டிருக்கிறாரா என்று கேட்டார். கண்காணிப்பாளர் அந்த எந்திரத்தின் மேல் தன் தொப்பியை வைப்பதோடு சரி. பதிவு எந்திரமோ பதினைந்து நாளுக்கு ஒருமுறை பழையதை அழித்து அதன் மேலேயே எழுதிக்கொள்ளும் ரகம். அசல் இருந்தால் எந்திரத்தையே கொண்டுவந்து, பொறுப்பாளர் கூண்டில் ஏறி இதுதான் அது என்று சொன்னால் போதும். அசல் போய்விட்டது, இருப்பது நகல். நகலுக்குச் சட்டம் கேட்கும் சான்றிதழ் வேண்டும், வாய்ச்சொல் அதற்கு ஈடாகாது என்றார் நீதிபதி. எந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர் தர வேண்டும்; இன்ன பதிவு, இன்ன எந்திரத்தில் பதிவானது, இன்ன முறையில் நகல் எடுத்தது, அப்போது எந்திரம் வழக்கமான வேலையில் இருந்தது, சரியாக ஓடியது என்று தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். விசாரணை முடியவில்லை, சான்றிதழைப் பிறகும் கொண்டுவரலாம் என்று இரண்டு வாரம் கொடுத்தார். பதிவின் ஒரு நகலை எதிர்த்தரப்புக்கும் கொடுக்கச் சொன்னார்.

இப்போது எல்லாம் வயர்மேன் கையில். அந்த மனுஷனோ ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் எலிப்பொந்து மாதிரி ஒரு அறையில், ஒயர் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் வந்து விஷயத்தைச் சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டார். கையெழுத்தா, நானா, ஆளை விடுங்கள் சிஸ்டர், நான் பத்தாவது தாண்டாதவன், கோர்ட்டில் ஏதாவது ஏடாகூடமாகிவிட்டால் என் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்றார். சிஸ்டர் கெஞ்சினார், அதட்டினார், பாய்லர்காரரின் கடைசிப் பதிலைச் சொன்னார். வயர்மேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, உண்மையான பயத்தைக் கக்கினார்.

"அந்த ரெக்கார்டர்ல மணி தப்பு சிஸ்டர். அப்பல்லாம் மெல்ல மெல்லப் பின்தங்கிக்கிட்டே போகும். சரியா ஓடுச்சுன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

சிஸ்டருக்கு உயிரே போயிற்று. இங்கேயும் நேரமா! கடவுளே, இந்த நேரம் என்னை விடவே விடாதா என்று ஒயர் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு கணம், ஒரே கணம், மணி சரியாக இருந்தது என்று எழுதிவிடு அண்ணே, யாருக்குத் தெரியப்போகிறது என்ற வார்த்தை அவர் நாக்கு நுனிவரை வந்தது. வந்ததை அவர் விழுங்கினார். கூண்டுக்கட்டையைப் பிடித்து நின்ற வெட்கம் இன்னும் கையிலேயே இருந்தது.

"எவ்வளவு தப்புன்னு தெரியுமா அண்ணே?"

தெரியாமல் என்ன, என்று வயர்மேன் எழுந்து பெட்டியில் இருந்து ஒரு நோட்டை உருவினார். திங்கட்கிழமை தோறும் ஃபோன் மணியையும் ரெக்கார்டர் மணியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைப்பது அவருடைய பைத்தியம். யாரும் கேட்டதில்லை, யாரும் பார்த்ததில்லை. 'வேலை வெட்டி இல்லாதவன்' என்று கண்காணிப்பாளர் ஒருமுறை திட்டியிருக்கிறார். நகல் எடுத்த பென்டிரைவின் உறையிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தாராம்: இன்ன தேதி, இன்ன கேமரா, ஏழு நிமிஷம் பின்.

இருவரும் நோட்டைத் தூக்கிக்கொண்டு அரசு வக்கீலிடம் ஓடினார்கள். அவர் தலையில் இருந்த கண்ணாடியை ஒருவழியாகக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டு நோட்டைப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது. மணி சரியாக இருந்தது என்று யார் எழுதச் சொன்னார்கள்? பின்தங்கியிருந்தது, இவ்வளவு பின்தங்கியிருந்தது, படம் பதிவானதை அது பாதிக்கவில்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் என்றார். கோளாறு இருந்தால் அதைச் சொல்லவும் சான்றிதழில் இடம் இருக்கிறது. மறைத்தால்தான் வம்பு.

வயர்மேன் நிதானமாக எழுதினார். எந்திரத்தின் எண், கேமராவின் இடம், எந்தத் தேதியில் யார் சொல்லி எப்படி நகல் எடுத்தார், ஏழு நிமிஷம். கோப்புக்குக் கைரேகை போல ஒரு நீளமான எண் உண்டு, படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அது மாறிவிடும்; அதையும் கணக்கிட்டு எழுதினார்கள். கணினி நிபுணர் ஒருவர் சரிபார்த்துத் தன் பங்குக்குக் கையெழுத்துப் போட்டார். வயர்மேன் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பரீட்சை எழுதி முடித்த பிள்ளை மாதிரி பேனாவை மூடினார்.

கூண்டில் அவரை இனிப்பு வக்கீல் பிடித்துக்கொண்டார். மணியே சரியாகக் காட்டாத எந்திரம் சரியாக ஓடியது என்கிறீர்களா? வயர்மேன் நீதிபதியைப் பார்த்துச் சொன்னார்.

"சுவர்க் கடிகாரம் லேட்டுன்னா வீட்டுல நடந்தது நடக்காமப் போயிடுமாங்க? மணிதான் பின்னாடி. படம் படம்தான்."

நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டது எல்லோருக்கும் தெரிந்தது. சான்றிதழை ஏற்றுக்கொண்டு, பதிவைச் சாட்சி ஆவணமாகக் குறித்துக்கொண்டார். மேஜையில் மடிக்கணினி வைத்து ஓட்டினார்கள். இரண்டு வக்கீல்களும் இருபுறமும் குனிந்தார்கள். மனைவியையும் அருகில் வந்து பார்க்க நீதிபதி அனுமதித்தார்.

திரையில் மணி 9.54. சிஸ்டர் தட்டோடு வருகிறார். டாக்டரின் கை நீள்கிறது. சிஸ்டர் திரும்புகிறார். 10.05க்கு மாஜிஸ்திரேட் உள்ளே போகிறார். கதவு சாத்தப்படுகிறது. பிறகு ஒன்றுமே இல்லை. நீள வராந்தா, சாத்திய கதவு, சுவரோரம் தட்டை ஏந்திக்கொண்டு ஒரு வெள்ளை உடுப்பு. எதிர்க்கட்சி வக்கீல் வேகமாக ஓட்டிப் பார்க்கலாமே என்றார். நீதிபதி வேண்டாம் என்றார். பத்தொன்பது நிமிஷம் கோர்ட்டே அந்த வராந்தாவில் நின்றது. மனைவி வரவில்லை. வேறு ஈ காக்காய் வரவில்லை. திரைக்குள் இருந்த சிஸ்டர் காலை மாற்றி மாற்றி நின்றார், இரண்டு தடவை கதவுக்குப் போய்க் காது வைக்காமல் கை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார். 10.24க்குக் கதவு திறந்தது. மாஜிஸ்திரேட் நாலு அடி நடப்பதற்குள் சிஸ்டர் அவரை இடித்துத் தள்ளாத குறையாக உள்ளே பாய்ந்தார்.

நீதிபதி ஒரு தாளில் கூட்டிப் பார்த்தார். ஏழு நிமிஷம் சேர்த்தால் பத்து பன்னிரண்டு, பத்து முப்பத்தொன்று. மாஜிஸ்திரேட் எழுதிய நேரத்தோடு நூல் பிடித்தது மாதிரி பொருந்தியது. வயர்மேன் மணி சரி என்று எழுதியிருந்தால் இரண்டும் முட்டிக்கொண்டிருக்கும். சிஸ்டருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

தீர்ப்பு நாளில் வாக்குமூலத்தை நீதிபதி முழுதாகப் படித்தார். சொன்னவர் தெளிவான புத்தியோடு, யாரும் தூண்டாமல், மயக்க மருந்து இல்லாமல் சொன்னார் என்பதில் தனக்குச் சந்தேகம் இல்லை என்றார். "வால்வு ஒட்டிக்கிச்சுன்னு மூணு தடவை சொன்னேன். கம்பியைப் போட்டுக் கட்டிட்டு ஓட்டு, ஆர்டர் நிக்குதுன்னு முதலாளி சொன்னார். நான் தூங்கல." அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை நீதிபதி படித்தபோது மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். முதலாளி குற்றவாளி என்று தீர்ப்பானது.

வெளியே வந்ததும் மனைவி சிஸ்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பாவம்னு உங்களைச் சொல்லியிருக்காரு சிஸ்டர். அவரு அப்படித்தான். எதிர்ல நிக்கிறவங்களுக்குக் கால் வலிக்குமேன்னு உட்காரச் சொல்லிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பாரு."

சிஸ்டருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து எச்சரிக்கை மெமோ வந்தது. வாங்கிக் கையெழுத்துப் போட்டார், தேதியோடு, நேரத்தோடு. சின்ன சிஸ்டர் பயந்தபடி வேறு யார் தலையும் உருளவில்லை. அதற்குப் பதில் வார்டுக்கு இன்னும் ஒரு சிஸ்டரைப் போட்டார்கள், ஊசி போட்ட பிறகே எழுதவேண்டும் என்று ஒரு உத்தரவையும் போட்டார்கள்.

மறுநாள் காலை. கடைசி அறையில் புதிதாக ஒரு அம்மாள். சிஸ்டர் மருந்தை ஏற்றினார். பழக்கதோஷத்தில் பேனா சார்ட்டுக்குப் போயிற்று. நிறுத்தி, பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, தட்டோடு நடந்தார். ஊசியைப் போட்டார், அந்த அம்மாளின் முகம் இளகும்வரை பக்கத்தில் நின்றார், திரும்பி வந்தார், கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார், எழுதினார்: 10.14.

சின்ன சிஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, பட்டப்பெயரை மாற்றவேண்டியதுதான் அக்கா என்றாள்.